பாட்டி பின்னும் பின்னல்: மூன்றாவது வரைவு

பேத்திக்குத் தலைபின்னிவிடும் பாட்டியை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மும்பை மாதுங்காவில் ஒரு பழைய குடியிருப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை. பாட்டியின் விரல்களில் பிடிமானம் குறைந்துவிட்டது. அதைப் பேத்தியிடம் அவள் சொல்ல வேண்டும். கதை அவ்வளவுதான், ஆனால் இரண்டு வரைவும் உயிரில்லாமல் கிடந்தன.

போன ஞாயிறு என் அம்மா என் மகளுக்குப் பின்னியபோது நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிக்கெடுக்கவே பத்து நிமிடம் ஆனது. அம்மா நுனியிலிருந்துதான் ஆரம்பித்தார். முடியை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் சீப்பை இழுத்தார். அப்படிப் பிடித்தால் இழுப்பு வேருக்குப் போகாது, குழந்தைக்கு வலிக்காது. வாய் ஓயாமல் பேசியதும் அப்போதுதான். வகிடு எடுத்து, முடியை மூன்று காலாகப் பிரித்ததும் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டார். அப்புறம் பேச்சே இல்லை. பின்னி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

என் வரைவில் பாட்டி பின்னிக்கொண்டே ஒரு பக்கத்துக்குப் பேசுகிறாள்! அந்தப் பேச்சை எல்லாம் சிக்கெடுக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுச் சண்டை, இன்றைக்குத் தண்டவாள வேலைக்காக லோக்கல் ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் என்று ஊர்க்கதை ஓடுகிறது. சொல்ல வேண்டியதை மட்டும் பாட்டி சொல்லவில்லை. பின்ன ஆரம்பித்ததும் மௌனம்.

இன்னொரு தவறு பெரியது. கதை பேத்தியின் பார்வையில் போகிறது. நானோ "பாட்டியின் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவளுக்குப் பாட்டியின் கண் எப்படித் தெரியும்? முதலில் எதிரே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது எனக்கு வசதிக்காக வைத்த கண்ணாடி என்பது படிக்கும்போதே தெரிந்தது, எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருப்பது தலையில் படும் இழுப்பு ஒன்றுதான். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"வலப்பக்கக் கால் மட்டும் தளர்ந்து தளர்ந்து வந்தது. பாதியில் கை நின்றது. பாட்டி எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறையும் அதே இடத்தில் தளர்ந்தது. 'ஆடாம உக்காருடி' என்றாள். அவள் ஆடவே இல்லை."

மூன்றாவது வரைவில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதற்கு மேல் பாட்டி எதையும் சொல்லத் தேவையில்லை என்று பட்டதால், "இனிமே உங்கம்மாவைப் பின்னச் சொல்லு" என்ற வசனத்தையும் நீக்கிவிட்டேன்.

முடிவு இன்னும் அமையவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை மேசையில் இருக்கிறது. தளர்ந்த பின்னலில் பூ நிற்குமா? வரும் ஞாயிறு மகளின் பின்னலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வைத்துப் பார்க்கப் போகிறேன்.