நான்கு பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம்

ஜூன் 3

தெரிந்தவர் ஒருவர் நடத்தும் சின்ன அமைப்பு. சம்பளத்துக்கு ஆறு பேர், அவர்களோடு சில தன்னார்வலர்கள். சக்கர நாற்காலி, நடைச்சட்டம், முதுகுப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டில் இதையெல்லாம் நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கிறார்கள். தங்கள் வேலையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பி, அதிலிருந்து ஒரே வாக்கியத்தில் நோக்கத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மிஷன் ஸ்டேட்மென்ட் என்று எல்லோரும் சொல்வதுதான்.

இப்போதைக்கு அவர்களிடம் இருப்பது இது: "முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்த ஒருங்கிணைந்த சேவைகளை வழங்குவதே எங்கள் நோக்கம்." இதில் தப்பு என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் இதை அப்படியே எடுத்து ஒரு கண் மருத்துவமனையின் வாசலில் மாட்டலாம், முதியோர் இல்லத்திலும் மாட்டலாம், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். வேறு அமைப்பின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வாக்கியம் இவர்களைப் பற்றி இன்னும் எதையும் சொல்லவில்லை.

ஜூன் 4

நான்கு பக்கத்தையும் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். இந்த மாதிரி வேலையில் முதல் வாசிப்பில் நான் வினைச்சொற்களை மட்டும்தான் கோடிடுவேன். பெயர்ச்சொற்கள் பெரிதாகப் பேசும், வினைச்சொல்தான் ஆள் என்ன செய்கிறார் என்று காட்டிக்கொடுக்கும்.

கிடைத்தவை: இரவல் தருகிறோம், பழுது பார்க்கிறோம், கிருமிநீக்கம் செய்கிறோம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துகிறோம், பழக்குகிறோம், முகாம் நடத்துகிறோம், விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம், மற்ற அமைப்புகளோடு கைகோக்கிறோம்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எதற்காக?" என்று எழுதிப் பார்த்தேன். பழுது பார்ப்பது எதற்காக? இரவல் கொடுக்க. கிருமிநீக்கம்? அதுவும் இரவல் கொடுக்கத்தான். இரவல் எதற்காக? இதற்கு விவரணையில் எங்கேயும் நேரடியாகப் பதில் இல்லை. பதில் இல்லாத அந்த இடத்தில்தான் நோக்கம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விழிப்புணர்வு முகாம்களுக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கும் மேல் போயிருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பழக்குவது மூன்றாம் பக்கத்தின் கடைசியில் ஒரே வரி: "கருவி வழங்கிய சில நாட்களில் பணியாளர் வீட்டுக்குச் சென்று பார்வையிடுவார்." அமைப்புகளின் விவரணை பெரும்பாலும் பழைய நிதி விண்ணப்பங்களிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கும். யார் பணம் கொடுத்தார்களோ அவர்கள் கேட்ட விஷயம் நீளமாகவும், தினமும் செய்வதால் சொல்லத் தோன்றாத விஷயம் சுருக்கமாகவும் வந்துவிடும். அதனால் பத்தியின் நீளத்தை வைத்து முக்கியத்துவத்தை அளக்கக் கூடாது. அந்த ஒற்றை வரியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 6

ஒருங்கிணைப்பாளரோடு நீண்ட நேரம் தொலைபேசியில் பேசினேன். "உங்கள் நோக்கம் என்ன?" என்று கேட்கவே இல்லை. கேட்டால் அந்தப் பழைய வாக்கியம்தான் திரும்பி வரும். கேட்டது இரண்டே கேள்வி: போன மாதம் வந்த ஒருவரைப் பற்றி முதலிலிருந்து கடைசி வரை சொல்லுங்கள், அப்புறம், யாரை முடியாது என்று திருப்பி அனுப்பினீர்கள்?

முதல் கேள்விக்கு, பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார். மகள் வந்து சக்கர நாற்காலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பணியாளர் வீட்டுக்குப் போனபோது நாற்காலி கூடத்து மூலையில் சும்மா நின்றிருக்கிறது. அளந்து பார்த்தால் நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர், குளியலறைக் கதவு 60. அதனால் அப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாற்காலியை மாற்றி, சின்னச் சக்கரம் வைத்த குறுகலான ஒன்றைக் கொடுத்து, கட்டிலையும் அவருடைய வலுவான கைப்பக்கம் இறங்குகிற மாதிரி திருப்பிப் போட்டு, பிரேக் போட்ட பிறகுதான் எழுப்ப வேண்டும் என்று மகளுக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

"கருவி கொடுக்க நிறையப் பேர் இருக்காங்க. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலைன்னா எங்க நாற்காலியும் மூலையிலதான் நிக்கும்" என்றார். நான்கு பக்கத்தில் இல்லாத வாக்கியம். அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில் இன்னும் உதவியாக இருந்தது. பல வருடம் வைத்துக்கொள்ள நாற்காலி கேட்பவர்களுக்கு இவர்கள் தருவதில்லை. நிரந்தரமாகத் தேவைப்படுகிறவருக்கு உடம்பை அளந்து செய்த நாற்காலி வேண்டும், இரவல் நாற்காலியிலேயே நாளெல்லாம் உட்கார்ந்தால் புண் வந்துவிடும் என்பதால் அவர்களை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். முதியோர் இல்லங்கள் மொத்தமாகக் கேட்டாலும் இல்லை. ஆக, "முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள்" என்ற பட்டியல் மூன்று தரப்பையும் அழைக்கிறது, நடப்பிலோ இவர்கள் பார்ப்பது ஒரே தரப்பை: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர். அவருக்கு வயது எண்பதாக இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம்.

ஜூன் 7

கெவின் ஸ்டார் என்பவர் 2012-இல் எட்டு வார்த்தை நோக்க வாக்கியம் பற்றி எழுதியது நினைவுக்கு வந்தது. மூலாகோ என்ற அறக்கட்டளையை நடத்துகிறவர். ஒரு வினை, யாருக்கு, என்ன விளைவு, இவ்வளவையும் எட்டு வார்த்தைக்குள் சொல்லச் சொல்கிறார். எட்டு என்ற கணக்கை நான் பிடித்துக்கொள்ளவில்லை. அது ஆங்கிலத்துக்கான கணக்கு, அங்கே பல சொல்லாக வருவதை "மருத்துவமனையிலிருந்து" என்று நாம் ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த மூன்று கேள்வி நல்ல சல்லடை. "எப்படி" என்பது அவர் கணக்கில் இல்லை. இந்த அமைப்புக்கு அதைச் சேர்த்தாக வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பழக்குவதில்தான் இவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள்.

இன்று எழுதியது: "மருத்துவமனையிலிருந்து திரும்பும் நோயாளிகள் விரைவில் தேறி நடமாட, தேவையான கருவிகளை இலவசமாக இரவல் தந்து, குடும்பத்தினருக்குப் பயிற்சி அளிக்கிறோம்."

ஜூன் 8

நேற்றைய வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தேன்.

"விரைவில் தேறி" நிற்காது. தேறுவது மருத்துவரின் கையிலும் உடம்பின் கையிலும் இருக்கிறது, கட்டில் இரவல் கொடுப்பவர் அதற்குப் பொறுப்பேற்க முடியாது. தேறப்போவதில்லை என்று தெரிந்தே கடைசி நாட்களை வீட்டில் கழிக்க வருகிறவர்களும் இவர்களிடம் வருகிறார்கள். அவர்கள் இந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? "நடமாட" என்பதும் படுக்கையிலேயே இருப்பவர்களை வெளியே தள்ளிவிடுகிறது. விளைவைச் சொல்லும்போது, இந்த அமைப்பு தன் கையால் உண்டாக்கக்கூடியதும், கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடியதுமான ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். விழாமல், தூக்கி இறக்குகிறவர் முதுகு பிடித்துக்கொள்ளாமல் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க முடியும். அதனால் "வீட்டிலேயே பத்திரமாக இருக்க" என்று மாற்றினேன். "பாதுகாப்பாக" என்று முதலில் தோன்றியது. ஆனால் வீட்டில் பேசுகிற சொல் பத்திரம்தான்.

"இலவசமாக" என்பதையும் எடுத்தேன். இரவல் என்றாலே பெரும்பாலும் புரிகிறது. நாளைக்கு முன்பணம் வாங்க ஆரம்பித்தால் நோக்கமே மாறியதாக ஆகக் கூடாது.

"பயிற்சி அளிக்கிறோம்" என்றால் வகுப்பறை ஞாபகம் வருகிறது. அங்கே நடப்பது பழக்குவது.

ஜூன் 10

வரைவை அனுப்பி, கருவிகளைப் பராமரிக்கும் அண்ணனிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் பார்க்காமல் சொல்லச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. "ஆஸ்பத்திரியிலருந்து வர்றவங்க வீட்டுல பத்திரமா இருக்க நாற்காலி, கட்டில் இரவல் குடுத்து பழக்கிவிடறோம்" என்றாராம். "தேவையான கருவிகளை" என்பது அவர் வாயில் வரவே இல்லை, பொருளின் பெயர்தான் வந்திருக்கிறது. அவர் செய்தது சரி. "கருவி" என்றால் படிக்கிறவருக்கு எதுவும் தோன்றாது, "சக்கர நாற்காலி, கட்டில்" என்றால் உடனே தெரியும். மறந்துபோன சொல் பெரும்பாலும் தேவையில்லாத சொல்தான்.

அவரே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: "தனியா இருக்கிறவங்களும் வர்றாங்களே, குடும்பத்தினர்னு போட்டா எப்படி?" அவர்களைச் சேர்க்க "நோயாளிக்கும், குடும்பத்தினருக்கும், உடனிருப்போருக்கும்" என்று நீட்டலாம். நான் யாருக்கு என்பதையே எடுத்துவிட்டேன். "பயன்படுத்தவும் பழக்குகிறோம்" என்றால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களுக்கு என்று தானாகப் புரியும்.

அப்புறம் ஒரு நிறுத்தற்குறிச் சிக்கல். "பத்திரமாக இருக்க, வேண்டிய பொருட்களை" என்று ஒரு வடிவம் வைத்திருந்தேன். பலகையில் எழுதுகிறவர் காற்புள்ளியை விட்டுவிட்டால் "இருக்க வேண்டிய பொருட்கள்" ஆகிவிடும், பொருட்கள்தான் பத்திரமாக இருக்க வேண்டும் போல! வாய்விட்டுப் படித்தபோதுதான் காதில் பட்டது. "இருக்கும்படி" என்று போட்டால் அந்தக் குழப்பம் இல்லை, கொடுப்பது, பழக்குவது இரண்டுக்குமே அது காரணமாக நிற்கிறது.

ஜூன் 12

நிர்வாகக் குழுவில் ஒருவர் விழிப்புணர்வு முகாமையும் சேர்க்கச் சொல்கிறார். வருகிற பணத்தில் பெரிய பங்கு அதற்காக வருகிறது என்பது அவர் வாதம், நியாயமான கவலை. ஆனால் ஒட்டவைத்துப் பார்த்தால் வாக்கியம் இரண்டாகப் பிளக்கிறது: தமிழில் வினை கடைசியில் வருவதால், வாசிக்கிறவர் கடைசியில் பார்ப்பது "விழிப்புணர்வு ஏற்படுத்துகிறோம்" என்பதாகிவிடும், கட்டில் பின்னால் போய்விடும். முகாமை நிறுத்திவிட்டால் இரவலும் நின்றுபோகுமா என்று கேட்டேன். நின்றுபோகாது என்றார்கள். இரவலை நிறுத்தினால் முகாமில் எதைப் பற்றிப் பேசுவீர்கள்? அதற்குப் பிறகு அவரே, முகாம் அறிமுகப் பத்தியின் இரண்டாம் வரியில் இருக்கட்டும் என்றார்.

பதிவு ஆவணத்தில் உள்ள நோக்கங்கள் விரிவாக இருக்கின்றனவே, முரண்படாதா என்றும் கேட்டார்கள். அவை எதையெல்லாம் செய்யலாம் என்று சட்டத்துக்குச் சொல்பவை, அகலமாக இருப்பதுதான் நல்லது. இந்த வாக்கியம் எதைச் செய்கிறோம் என்று சொல்வது. இதை மாற்ற ஆவணத்தைத் தொட வேண்டியதில்லை.

ஜூன் 15

குழு ஒப்புக்கொண்ட வடிவம்:

"மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவர் தன் வீட்டிலேயே பத்திரமாக இருக்கும்படி, சக்கர நாற்காலி, கட்டில் போன்றவற்றை இரவல் தந்து பயன்படுத்தவும் பழக்குகிறோம்."

ஒருங்கிணைப்பாளர் இதை ஒரு நிஜமான கோரிக்கையின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். யாரோ இருபது புது நாற்காலி தருகிறோம், ஒரு விழா வைத்து ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "பழக்குகிறோம்" என்ற சொல் அங்கே தடுத்திருக்கிறது. இருபது வீட்டுக்கும் போய்ப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் மாதத்துக்கு நான்காக வாங்கிக்கொள்கிறோம் என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர்களும் சரி என்றுவிட்டார்களாம்.

மீதி நான்கு பக்கத்தை இந்த வரிசைக்கு மாற்றி எழுதுவதுதான் பாக்கி: யார் வருகிறார்கள், என்ன எடுத்துப் போகிறார்கள், வீட்டில் என்ன நடக்கிறது, முகாம் கடைசியில். மூன்றாம் பக்கத்து ஒற்றை வரி இப்போது இரண்டு பத்தியாகியிருக்கிறது.