ஆறு வரியும் வந்தது, ஆனால் BAC வரவில்லை: பெர்முட்டேஷன் கேள்வியில் நான் இரண்டு முறை விட்ட இடம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. அல்காரிதம் பேப்பர் கிளியர். ஒரு வருஷம் கையில் வைத்திருந்த அரியர், அதுவும் ஒரே மாதிரிக் கேள்வியில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டு வந்தது. அதனால் பேப்பர் முழுக்க எப்படிப் படிப்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. பேக்டிராக்கிங்கில் மூன்று எழுத்துப் பெர்முட்டேஷன், அதில் அன்டூ ஸ்டெப், அவ்வளவுதான். மற்ற யூனிட்டை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

முதல் அடி லேப் எக்ஸாமில். A, B, C மூன்றையும் ரிகர்ஷனில் எல்லா வரிசையிலும் பிரிண்ட் செய்யச் சொல்லி வந்தது. ஸ்வாப் முறையில் எழுதினேன், ரன் ஆனது, ஸ்க்ரீனில் இப்படி வந்தது:

```
ABC
ACB
CAB
CBA
ABC
ACB
```

எண்ணிப் பார்த்தேன், ஆறு. மூன்று ஃபேக்டோரியல் ஆறு. சரி என்று கையைத் தூக்கினேன். எக்ஸ்டர்னல் வந்து பார்த்துவிட்டு, "BAC எங்கேப்பா?" என்றார். அப்போதுதான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ABC, ACB இரண்டும் இரண்டு தடவை வந்திருக்கிறது, B-யில் தொடங்குவது ஒன்றுகூட இல்லை. இந்தப் பிழையின் விஷமே இதுதான்: எண்ணிக்கை சரியாக வந்துவிடும். லூப் எத்தனை தடவை சுற்ற வேண்டுமோ அத்தனை தடவை சுற்றும், அரே கெட்டுப்போனது லூப்புக்குத் தெரியாது. எண்ணிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், படித்துப் பாருங்கள்.

நான் விட்டது இதன் கடைசி வரியை, மாற்றினதைத் திருப்பி வைக்கிற அன்டூவை:

```python
def permute(a, k):
    if k == len(a):
        print("".join(a))
        return
    for i in range(k, len(a)):
        a[k], a[i] = a[i], a[k]
        permute(a, k + 1)
        a[k], a[i] = a[i], a[k]
```

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். முதல் கிளை ABC, ACB இரண்டையும் அச்சிட்டுவிட்டு மேலே திரும்பும்போது அரே ACB என்றே நிற்கிறது. மேல் மட்டத்தில் i = 1, "இரண்டாவது எழுத்தை முதலிடத்துக்குக் கொண்டு வா" என்கிறது. இரண்டாவது இடத்தில் B இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதிய வரி அது. அங்கே இப்போது C உட்கார்ந்திருக்கிறது. அதனால் CAB, பிறகு CBA. அரே CBA என்று இருக்கும்போது i = 2 வந்து முதலையும் கடைசியையும் மாற்றுகிறது, ABC ஆகிவிடுகிறது, பழைய கிளையே மறுபடி ஓடுகிறது. B-க்கு முறை வரவே இல்லை.

இரண்டாவது அடி தியரி பேப்பரில். 13 மார்க் கேள்வி, கோடு எழுதி, ஸ்டேட் ஸ்பேஸ் ட்ரீ வரைந்து, ட்ரேஸ் செய்யச் சொன்னது. அன்டூ வரியை மறக்கக் கூடாது என்று மட்டும் மண்டையில் ஏற்றி வைத்திருந்தேன். மறக்கவில்லை, எழுதினேன், ஆனால் for லூப்புக்கு வெளியே எழுதிவிட்டேன். ட்ரீயை மனப்பாடமாக அகர வரிசையில் ABC, ACB, BAC, BCA, CAB, CBA என்று போட்டேன். ரிசல்ட்டில் அரியர். போட்டோகாப்பி வாங்கிப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு 4 மார்க். அன்டூ வரியைச் சுற்றி வட்டம், ட்ரேஸ் மேல் நீளமாக ஒரு கோடு.

வீட்டுக்கு வந்து அதே கோடை ஓட்டிப் பார்த்தேன். ஆறும் வந்தது, ஒன்றும் திரும்ப வரவில்லை, நான் எழுதிய அதே அகர வரிசை! ஒரு நாள் முழுக்க, திருத்தியவர்தான் தப்பு செய்துவிட்டார் என்ற கோபத்தில் இருந்தேன். மறுநாள் சும்மா D-யையும் சேர்த்து நான்கு எழுத்துக் கொடுத்தேன். 24 வரி வந்தது, அதில் B-யில் தொடங்குவது ஒன்றும் இல்லை, A-யில் தொடங்குவது மட்டும் 12. மூன்று எழுத்தில் தப்பு தற்செயலாகச் சரியாகிவிடுகிறது, நான்கில் உடைகிறது. இதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. அந்த நான்கு எழுத்து ஓட்டம் முடியும்போது அரே சமர்த்தாக ABCD என்றே நிற்கிறது. ஆக, கடைசியில் அரே பழைய நிலைக்கு வந்ததா என்று மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் பார்க்க வேண்டும்.

சரியான கோடு அகர வரிசையில் தராது, கடைசி இரண்டும் CBA, CAB என்றுதான் வரும். முதலிடத்துக்கு C வருவது A-யோடு இடம் மாறி, அதனால் மிச்சம் B A என்று தலைகீழாக நிற்கிறது. ஸ்வாப் கோடு எழுதிவிட்டு அகர வரிசை ட்ரீ போட்டால், திருத்துகிறவருக்கு நீங்கள் ட்ரேஸ் செய்யவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எனக்குப் புரிந்தது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வீடு வந்து சேரவே இருட்டிவிடும். வீடியோ பார்த்துப் படிக்கிற ஆள் நான் இல்லை, பார்க்கும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும், பேனாவை எடுத்தால் கை நிற்கும். அதனால் மூன்று ஓட்டுச்சில்லு எடுத்து சாக்பீஸில் ம, து, ரை என்று எழுதி வரிசையாக வைத்தேன். தங்கச்சியை எதிரே உட்கார வைத்தேன். சில்லுகளை நகர்த்துவது அவள் வேலை. என் கையில் பழைய பஸ் டிக்கெட்டுகள், ஒரு அழைப்புக்கு ஒரு டிக்கெட், பின்பக்கம் k எவ்வளவு, i எவ்வளவு என்று எழுதி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவேன். அழைப்பு முடிந்தால் மேல் டிக்கெட்டை எடுத்துவிடுவேன்.

முதலில் அன்டூ இல்லாமல் ஆடினோம். முதல் கிளையில் ம அங்கேயே இருக்கிறது. உள்ளே போய் மதுரை, அப்புறம் கடைசி இரண்டையும் மாற்றி மரைது. டிக்கெட்டை எடுத்தேன், அடியில் இருந்த டிக்கெட்டில் i = 1 என்று மாற்றி எழுதி, "முதலையும் ரெண்டாவதையும் மாத்து" என்றேன். அவள் கையைச் சில்லு மேல் வைத்துக்கொண்டு, "அண்ணே, ரெண்டாவதுல இப்ப ரை இருக்கு, அதையா?" என்றாள்.

அந்த இடம்தான். டிக்கெட் ஒவ்வொன்றும் தனித்தனி, அதில் எழுதின k-யும் i-யும் அந்த அழைப்புக்கு மட்டும் சொந்தம், மேலே எத்தனை அடுக்கினாலும் அடியில் இருக்கிறது அழியாது. ஆனால் சில்லு ஒரே செட்தான், எல்லா டிக்கெட்டும் அதே மூன்று சில்லைத்தான் நகர்த்துகிறது. ரிகர்ஷன் திரும்பி வந்தால் எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்திருந்தது டிக்கெட்டுக்குப் பொருந்தும், சில்லுக்குப் பொருந்தாது. நகர்த்தின டிக்கெட்டே அதைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்த i-க்குப் போக வேண்டும்.

திருப்பி வைத்து ஆடினோம். மரைது முடிந்ததும் ரை, து இரண்டையும் பழைய இடத்தில் வைத்தாள், மதுரை. இரண்டாம் கிளை: துமரை, உள்ளே மாற்றித் துரைம, திருப்பித் துமரை, மேலே வந்து திருப்பி மதுரை. மூன்றாம் கிளை: ரைதும, ரைமது, திருப்பி ரைதும, திருப்பி மதுரை. ஆறும் வந்தது. நாலு தடவை ஆடின பிறகு நான் சொல்வதற்கு முன்னாலேயே அவள் திருப்பி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

(இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறவர்கள் `list("மதுரை")` என்று கொடுக்காதீர்கள். பைத்தானுக்கு அது ஐந்து துண்டு, து-வின் உகரக் குறியும் ரை-யின் ஐகாரக் குறியும் தனித்தனியாகப் பிரிந்து 120 வரி கொட்டும். `["ம", "து", "ரை"]` என்று கொடுங்கள்.)

இந்தத் தடவை பேப்பரில் நான் செய்தது:

- கோடு எழுதும் முன்னாலேயே ட்ரீ. கோடை முதலில் எழுதினால் அதற்கு ஏற்ற மாதிரி ட்ரீயை வளைக்கத் தோன்றும், எனக்குத் தோன்றும்.
- ஒவ்வொரு கணுவிலும் இடது பக்கம் உள்ளே நுழையும்போது அரே, வலது பக்கம் வெளியே வரும்போது அரே. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்தித் தேடுவது.
- கீழே இறங்கும் கோடு பேனாவில், ஏறும் கோடு பென்சிலில், அதன் மேல் எந்த இரண்டு இடம் திரும்ப மாறுகிறது என்று எழுதுவது.
- i-யும் k-யும் ஒன்றாக இருக்கிற ஸ்வாப்பையும் விடாமல் எழுதுவது, ஒன்றும் நகராவிட்டாலும். விட்டால் கணக்கு இடிக்கும்.

கணக்கு என்றேன் இல்லையா, எத்தனை அழைப்பு என்று இரண்டு மார்க்கில் கேட்பார்கள். மேலே உள்ள பைத்தான் கோடுக்கு மட்டம் மட்டமாக 1, 3, 6, 6, மொத்தம் 16. நிறைய பேர் 10 என்று எழுதுகிறார்கள், கடைசி எழுத்துக்கு ஒரே ஒரு வழிதான் என்பதால் அந்த மட்டத்தை ட்ரீயில் போடுவதில்லை. `k == len(a) - 1` என்று நிறுத்தினால் 10 சரி, `k == len(a)` என்று நிறுத்தினால் 16. உங்கள் கோடில் எது இருக்கிறதோ அதற்கு எண்ணுங்கள். 16 அழைப்பில் முதலாவதைத் தவிர மற்ற 15-க்கும் முன்னால் ஒரு ஸ்வாப், பின்னால் ஒரு ஸ்வாப், ஆக 30. அதில் நிஜமாக எழுத்து நகர்வது 10 தான், ஐந்து போக, ஐந்து வர.

இன்னொன்று, லேப்பில் பிரிண்ட் செய்யாமல் லிஸ்ட்டில் சேர்க்கச் சொன்னால் `result.append(a)` என்று எழுதாதீர்கள், `a[:]` என்று நகல் எடுத்துச் சேருங்கள். இல்லாவிட்டால் அன்டூ சரியாக இருந்தும் கடைசியில் ஆறும் ABC என்றே வரும். சில்லு ஒரே செட் என்றேனே, அதே காரணம், ஆறு இடத்திலிருந்தும் அதே மூன்று சில்லைத்தான் காட்டுகிறீர்கள்.

இந்தத் தடவை கேள்வி P, Q, R என்று வந்தது. ட்ரீக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் எடுத்தேன். வேரின் இடது பக்கம் PQR, கடைசிக் கிளை ஏறி வந்து வலது பக்கமும் PQR என்று எழுதும்போது கை வியர்த்திருந்தது, பேப்பரில் ஈரம் படாமல் கர்ச்சீப்பை அடியில் வைத்துக்கொண்டுதான் கோடை எழுதினேன். அன்டூ வரிக்கு வந்ததும் ஸ்கேலை for-க்கு நேராக நிறுத்தி, உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.