கதவில் எழுதிய எண்: ஒரு கதையின் முடிவைத் திருத்திய அனுபவம்

நான் அனுப்பிய சிறுகதை மூன்று மாதங்களுக்குப் பிறகு ஒரு சஞ்சிகையிலிருந்து திரும்பி வந்தபோது, அதன் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது: "முடிவு கதைக்குள்ளிருந்து வரவில்லை." வேறு விளக்கம் எதுவும் இல்லை. அந்த வரி எனக்கு வலித்தது. அதைவிட, அதன் பொருளைத் தவறாக விளங்கிக்கொண்டு நான் வீணாக்கிய இரண்டு மாதங்கள் இன்னும் வலிக்கின்றன. கதை எழுதுகிற மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கதை இதுதான். ராக்காயி என்ற மூதாட்டி மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான பழைய லயத்துக் காம்பராவில் இருக்கிறாள். மகனுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்துவிட்டது. குடும்பமே போகத் தயாராக இருக்கிறது. அவள் மட்டும் மறுக்கிறாள். முதல் வடிவத்தில், அவள் மறுத்துக்கொண்டே இருக்க, ஐப்பசி மழையில் ஓர் இரவு மண் சரிந்து லயத்தை மூடிவிடுவதாக முடித்திருந்தேன்.

அந்த முடிவை நான் நேர்மையான முடிவு என்றே நம்பியிருந்தேன். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்ததை எங்கள் மலைகளில் மறந்தவர் எவரும் இல்லை. ஆகவே நடக்கக்கூடியதைத்தானே எழுதினேன், இதில் எது வெளியிலிருந்து வந்தது என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். ஊரில் நடந்தது என்பதாலேயே ஒன்று கதைக்குள் நடந்துவிட முடியாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

எனவே நான் செய்த முதல் திருத்தம் தவறான திருத்தமாயிற்று. முடிவுக்கு முன்தயாரிப்பு போதவில்லை என்று எண்ணி, மண்சரிவுக்கான அடையாளங்களைக் கதை முழுவதும் தூவினேன். இரண்டாம் பக்கத்தில் சுவரில் வெடிப்பு, மூன்றாம் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் சவுக்கு மரம், ஐந்தாம் பக்கத்தில் பீலித் தண்ணீர் கலங்கி வருதல். அடையாளங்கள் எல்லாம் சரியானவையே. ஆனால் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் கற்பிக்கும் அக்கா ஒருவர் அதை வாசித்துவிட்டு, "தம்பி, சுவர் வெடிச்ச உடனேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மிச்சம் ஆறு பக்கமும் மண்ணு எப்ப வரும்னு பார்த்துக்கிட்டுதான் வாசிச்சேன்" என்றார். முன்பு முடிவு திடீரென்று வந்து விழுந்தது. இப்போது அது முன்கூட்டியே தண்டோரா போட்டுக்கொண்டு வந்தது. இரண்டுமே ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கதை கேட்கும் கேள்வி, அவள் போவாளா மாட்டாளா என்பது. மண் வந்து அந்த முடிவை அவள் கையிலிருந்து பறித்துவிடுகிறது. எத்தனை வெடிப்புகளை எழுதினாலும் அது அவளுடைய முடிவு ஆகாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையை எடுத்துவைத்து, ராக்காயிக்கு நேர்வனவற்றை விட்டுவிட்டு, அவள் தானாகச் செய்கிறவற்றை மட்டும் பென்சிலால் கோடிட்டேன். எட்டுப் பக்கங்களில் நான்கே இடங்கள் தேறின. கதை எங்கே பலவீனமாக இருந்தது என்பதை அந்த நான்கு கோடுகளே காட்டிவிட்டன. அவற்றில் ஒன்று, தோட்டச் சூழலைக் காட்டுவதற்காக மட்டும் நான் எழுதியிருந்த ஒரு பந்தி. பென்சன் வாங்கிய பிறகும் ராக்காயி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசின் முள் நிற்கும் இடத்தை அண்ணாந்து பார்க்கிறாள். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் 12 என்று எழுதுகிறார். "முள்ளு பதினாலுல நின்னுச்சுங்கய்யா, நீங்க பன்னெண்டு போட்டிருக்கீங்க" என்கிறாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே 2ஐ அடித்துவிட்டு 4 என்று எழுதுகிறார்.

பாடசாலைப் பக்கமே போகாத பெண் அவள். ஆனால் நாற்பது ஆண்டுகள் தராசையும் கூலிப் பதிவான செக்ரோலையும் பார்த்துப் பார்த்து எண்களைக் கற்றிருக்கிறாள். கூலிக்காக அவள் நடத்திய அந்தச் சிறிய சண்டைக்குள்ளேயே என் முடிவு கிடந்திருக்கிறது. எழுதிய எனக்கே அது தெரியவில்லை.

அவள் ஏன் மறுக்கிறாள் என்பதற்கும் பழைய வடிவத்தில் தெளிவான விடை இல்லை. 'பழகிய இடம்' என்று மட்டும் எழுதிக் கடந்திருந்தேன். இப்போது அவளுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன். தோட்டத் தொழிலாளர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவன். அவன் அறிந்த முகவரி இந்தக் காம்பரா ஒன்றுதான். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. அவளுடைய காத்திருப்பு நிற்கவில்லை. புதிய முடிவு இப்படி அமைந்தது: சாமான்களை எல்லாம் ஏற்றிய பிறகு, அவள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, பழைய காம்பராவின் கதவில் புதிய வீட்டின் இலக்கத்தை எழுதிவிட்டு, திரும்பிப் பாராமல் நடக்கிறாள்.

முடிவு கிடைத்த மகிழ்ச்சியில் அடுத்த தவறைச் செய்தேன். 'அண்ணன் என்றாவது தேடி வந்தால் வழி தெரிய வேண்டுமே என்று அவள் நினைத்தாள்' என ஒரு வாக்கியத்தைக் கடைசியில் சேர்த்துவிட்டேன். அந்த வாக்கியம் இருக்கும்வரை, கரியால் எழுதும் செயல் வெறும் படவிளக்கமாகவே நின்றது. அதை நீக்குவதென்றால், அந்தச் செய்தி வாசகரிடம் முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே அதை நடுப்பகுதிக்கு நகர்த்தி, வேறொரு வேலைக்குள் ஒளித்தேன். தோட்டத்துக் கடிதங்கள் பெரும்பாலும் தோட்டக் காரியாலயத்துக்கே மொத்தமாக வந்து, அங்கிருந்துதான் லயங்களுக்குப் பிரிந்து போகும். சம்பள நாளில் ராக்காயி காரியாலய ஜன்னலோரம் நின்று, "ஊர்லேருந்து ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்கிறாள், கிளார்க் நிமிர்ந்து பார்க்காமலே கையை அசைக்கிறார். அந்தக் காட்சியின் வெளிவேலை, மருமகளுக்கு வரவேண்டிய ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் தாமதமானதைச் சொல்வது. வாசகர் மருமகளின் கடிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, கிழவியின் கேள்வியும் அவர் மனத்தில் தங்கிவிடுகிறது. முன்விவரம் ஒவ்வொன்றுக்கும், அது நிற்கும் இடத்திலேயே அதற்கெனச் சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும். பின்னால் தேவைப்படும் என்பதற்காக மட்டும் வைத்தால், வைத்த கை தெரிந்துவிடும்.

மடுவக் காட்சியில் ஒரு சிறு சேர்க்கையும் செய்தேன். கணக்கப்பிள்ளை எழுதும் 4, தலைப்பக்கம் திறந்து, நாற்காலியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும் என்று எழுதினேன். கடைசியில் கதவில் அவள் எழுதும் 34இல் உள்ள 4உம் அதே கவிழ்ந்த நாற்காலிதான். எங்கே கற்றாள் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. புதிய வீட்டுக்கும் 14 என்றே இலக்கம் கொடுக்கலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால், அது ஆசிரியர் செய்த ஏற்பாடாகத் தெரியும். எழுத்தின் வடிவம் ஒத்துப்போவதோ அவளுடைய கைப்பழக்கம்.

இனிமேல்தான் என்னை மிகவும் அலைக்கழித்த பகுதி. கையெழுத்துப் பிரதியை அட்டனில் ஒரு கடையில் கணினியில் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். நாளை வா, மறுநாள் வா என்று இரண்டு முறை பஸ்ஸேறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை கிடைத்த பிரதியைச் சரிபார்க்காமல், அக்காவிடம் காட்டிய பழைய வடிவத்தை வாசித்திராத ஒருவருக்கு, ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவருக்கு, நேரே வாசிக்கக் கொடுத்தேன். அவர் முகம் சுளித்தார். "கிழவிக்கு எழுதத் தெரியும்னு நீங்க எங்கயுமே சொல்லலையே. கடைசில திடீர்னு எப்படி எழுதுறா?" என்று கேட்டார்.

நொறுங்கிப் போனேன். அன்றிரவும் மறுநாள் இரவும் உட்கார்ந்து முடிவைக் கலைத்தேன். பேத்தி அவளுக்கு எண் கற்றுக்கொடுப்பதாக ஒரு காட்சி எழுதினேன்; அடித்தேன்; மகனே கதவில் எழுதுவதாக மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில், பழைய கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு பந்திகள் 'மடுவத்தில்' என்ற ஒரே சொல்லில் தொடங்கியிருந்தன. தட்டச்சு செய்தவரின் கண் முதல் பந்தியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிட்டது. தராசுச் சண்டை முழுவதும் பிரதியில் இல்லை. ஒரு வாசகர் முடிவைக் குறை சொன்னால், முடிவில் கை வைப்பதற்கு முன், அவர் கையிலிருக்கும் பிரதியை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் நல்ல முடிவை இரண்டு இரவுகள் சிதைத்திருக்க மாட்டேன்.

ஆனால் கோபம் அடங்கிய பிறகு, அந்தத் தவறு எனக்கு ஒரு சோதனை முறையைக் கொடுத்திருப்பதை உணர்ந்தேன். அந்தப் பந்தி இல்லாமல் முடிவு விழுகிறது என்றால், முடிவைத் தாங்கி நிற்பது அந்தப் பந்திதான். அதேபோல் மற்ற முன்விவரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கதையை முன்பு வாசிக்காத ஒருவரிடமே கொடுத்தேன். ஒரு முறை வாசித்தவர் விடுபட்டதைத் தம் நினைவிலிருந்தே நிரப்பிவிடுவார். காரியாலயக் காட்சியை நீக்கிக் கொடுத்தபோது, வாசித்தவர் அவள் பிடிவாதத்தால் கதவில் கிறுக்குகிறாள் என்று எடுத்துக்கொண்டார். எனவே அது தேவை. கரித்துண்டுக்காக, பேத்தி இஸ்தோப்பில் கரியால் பாண்டிக் கட்டம் போடும் ஒரு காட்சியை வைத்திருந்தேன். அதை நீக்கியபோது யாருமே கரி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. விறகடுப்பு எரியும் காம்பராவில் கரி இருக்கும் என்பதை வாசகர் தாமாகவே அறிவார். நான் விரும்பி எழுதிய காட்சிதான், ஆனாலும் எடுத்துவிட்டேன். வெடிப்பு, சவுக்கு, கலங்கல் தண்ணீர் எல்லாம் ஏற்கனவே போய்விட்டன.

பந்தியைத் திரும்பச் சேர்த்து, இம்முறை அக்காவிடமே கொண்டுபோனேன். பழைய மண்சரிவு வடிவத்தை வாசித்தவர் என்றாலும், எண் எழுதும் முடிவை அவர் பார்த்திருக்கவில்லை. எழுதத் தெரியுமா, கரி எப்படி வந்தது என்ற கேள்வி எதுவும் எழவில்லை. கடைசிப் பக்கத்தை மூடாமல் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, தராசுப் பந்திக்குத் திரும்பிப் போய் அதை இன்னொரு முறை வாசித்தார். "ஓ, கணக்கப்பிள்ளையோட நாலு" என்றார். பிறகு, "அண்ணன் வருவானா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் காலை, இரண்டு பிரதிகளையும் பந்தி பந்தியாக எண்ணிச் சரிபார்த்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.