மீட்டர் காட்டாத இன்சுலின்

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு மாவுச்சத்துக் கணக்கைக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வகுத்தல், பெருக்கலுக்குத்தான் பலரும் பயந்துகொண்டு வருவார்கள். அது சீக்கிரமே கைவந்துவிடும். நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதுதான் பிடிபடத் தாமதமாகும்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. இரவு உணவில் 25 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் இன்சுலின், கூடுதலாகப் போடும் 1 யூனிட் இன்சுலின் இரத்தச் சர்க்கரையைச் சுமார் 100 குறைக்கும், இலக்கு 120. மருத்துவர் அவளுக்கென்று குறித்த எண்கள் இவை. அவளுக்கே காலை உணவுக்கு விகிதம் வேறு.

அம்மா சோற்றை எடைபோட்டார்: 140 கிராம். அரிசிப் பையில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்று இருந்ததால், 109 என்று எழுதினார். பையில் இருப்பது உலர்ந்த அரிசிக்கான எண். வெந்த சோற்றின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராமில் சுமார் 28 கிராம்தான் மாவுச்சத்து. ஆக, சோற்றுக்கு 39, ஒரு தம்ளர் பாலுக்கு 10, ஏறத்தாழ 50 கிராம். அதற்கு 2 யூனிட் போதும். பையை நம்பியிருந்தால் கிட்டத்தட்ட 5 யூனிட் போயிருக்கும்.

சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 220. இலக்கைவிட 100 அதிகம் என்பதால் இன்னொரு யூனிட் சேர்த்து, மொத்தம் 3 யூனிட் போட்டார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 240 காட்டியது. "இன்னும் 1 யூனிட் போடட்டுமா?" என்று அப்பா தொலைபேசியில் கேட்டார். சூத்திரப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் ஏறக்குறைய நான்கு மணி நேரம் உடலில் இருக்கும். போட்ட 3 யூனிட்டில் ஏறக்குறைய பாதி இன்னும் வேலையை முடிக்கவில்லை. மீட்டர் அதைக் காட்டாது. அதன்மேல் இன்னொரு யூனிட் போட்டால், குழந்தை தூங்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து சர்க்கரையை 70-க்குக் கீழே இழுத்துவிடலாம். காத்திருக்கச் சொன்னேன். நான்காம் மணி நேரத்தில் 135.

இன்சுலின் போட மறந்திருந்தாலோ, குழந்தை வாந்தி எடுத்தாலோ, இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் கீட்டோன் இருந்தாலோ இந்தப் பொறுமை கூடாது. உடனே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். இதையும் அவர்களுடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதவைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா, இரவு விகிதத்தை மாற்றலாமா என்று அந்த 240-ஐக் காட்டினார். (இதைக் கேட்காத அப்பாக்கள் குறைவு.) 220-இல் தொடங்கிய இரவை வைத்து விகிதத்தை எடைபோட முடியாது என்றேன். இலக்குக்கு அருகில் தொடங்கிய, எடைபோட்ட உணவை முழுதும் சாப்பிட்ட இரவுகள் சில வேண்டும். அவற்றில் நான்காம் மணி நேர எண் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், விகிதத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அப்படிப்பட்ட இரவுகளை மட்டும் குறிப்பேட்டில் வட்டமிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.