120 ஃப்ரேமில் ஒரு அம்மா

அனிமேஷன் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம் எனக்கு வந்த ஷாட் அது. மகன் போனில் பொங்கலுக்கு வர முடியாது என்கிறான், வயதான அம்மா "சரிப்பா, பரவாயில்ல, உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைக்க வேண்டும். மொத்தம் 120 ஃப்ரேம், அதாவது 5 விநாடி.

புருவத்தை ஏற்றி, உதட்டைப் பிதுக்கி, கையை நெஞ்சில் வைத்து, கடைசியில் தலையைத் தொங்கப்போட்டு அனுப்பினேன். லீட் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மகனுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே பரவாயில்லன்னு சொல்றாங்க, அப்புறம் இவ்வளவும் யாருக்காகக் காட்டுறாங்க?"

அன்று ராத்திரி என்னையே வீடியோ எடுத்துப் பார்த்தேன், கேமரா ஓடுவது தெரிந்ததால் நானும் அதே நெஞ்சில் கை வைக்கிற வேலையைத்தான் செய்திருந்தேன். ஏழெட்டு தடவை எடுத்து அலுத்துப்போன பிறகு வந்த டேக்கில்தான் விஷயம் கிடைத்தது. செய்தி காதில் விழுந்ததும் முதலில் எதுவுமே நடக்கவில்லை, மூச்சு மட்டும் நின்றது.

அதை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். மார்பின் ஏற்ற இறக்கத்தை 14 ஃப்ரேம் நிறுத்தினேன். பார்வை 2 ஃப்ரேமில் சட்டென்று கீழே போகும், தலை அசையாது. பிறகு ஒரே ஒரு இமைப்பு, மூடுவது வேகமாக, திறப்பது கொஞ்சம் மெதுவாக. "சரிப்பா" என்கிறபோது வாயில் மட்டும் சிரிப்பு. உண்மையான சிரிப்பில் கன்னம் மேலேறி கீழிமையைத் தள்ளும், கண்ணோரம் சுருங்கும். இங்கே கீழிமையைத் தொடவே இல்லை. கையை நெஞ்சிலிருந்து எடுத்து மடியில் போட்டேன், கட்டைவிரல் முந்தானை ஓரத்தை இரண்டு தடவை நீவிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்படிக் குறைக்கும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. அசைவைக் குறித்து வைக்கிற கீ எதுவும் இல்லாமல் முகத்தை அரை விநாடி அப்படியே விட்டால், அடக்கிக்கொள்கிற மனுஷியாகத் தெரியாது, பொம்மையாகத் தெரியும். மூச்சை நிறுத்திய அந்த 14 ஃப்ரேமிலும் கண்ணுக்கு எட்டாத அளவுக்குத் தலை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், கருவிழியும் மகன் முகத்தைத் தேடுவது மாதிரி லேசாக இடம் மாற வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு, திரையில் அவள் வாயைக் கையால் மறைத்துப் பார்ப்பேன். கண்ணை மட்டும் பார்த்தே வருத்தம் புரிந்தால் சரி, புரியவில்லை என்றால் வாய்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த ஷாட் வைட். முகம் விரல்நகம் அளவுதான், கீழிமையில் என்ன செய்தாலும் யாருக்கும் தெரியாது. அங்கே போனை வைத்த கையை 30 ஃப்ரேம் போன் மேலேயே விட்டேன், தோளை மட்டும் கொஞ்சம் இறக்கினேன்.