வலது கையில் நாண், இடது கண்ணில் குறி: எட்டு வார அனுபவம்

வில்வித்தை வகுப்பில் எனக்கு அது இரண்டாவது வாரம். பத்து மீட்டர் தூரம், 20 பவுண்டு ரிகர்வ் வில். ஆறு அம்பு விட்டால் இரண்டு இலக்கின் நடு மஞ்சளுக்குப் பக்கத்தில் குத்தும். மற்ற நான்கும் பலகையையே தொடாமல் இடப்பக்கமாகப் போய் வலையில் விழும். கை நடுங்கினால் அம்புகள் நாலா பக்கமும் சிதற வேண்டும். எனக்கோ எப்போதும் அதே இரண்டு இடம்தான்.

பயிற்சியாளர் வில்லை வாங்கி வைத்துவிட்டு, "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க" என்றார். இரண்டு உள்ளங்கைகளும் வெளிப்பக்கம் பார்க்க, கட்டைவிரல் இடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்தபடி, தூரத்துக் கம்பத்தின் உச்சியை அந்த ஓட்டைக்குள் பிடிக்க வேண்டும். அப்படியே வலது கண்ணை மூடினேன். கம்பம் அசையாமல் அங்கேயே நின்றது. திறந்து, இடது கண்ணை மூடினேன். கம்பம் காணாமல் போனது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் நடந்தது வேறு. முதல் தடவை ஓட்டை பெரிதாக இருந்ததால் இரண்டு கண்ணுக்குமே கம்பம் தெரிந்தது. ஓட்டையைச் சுருக்கிய பிறகுதான் தெளிவாயிற்று: வலதை மூடினால் கம்பம் அப்படியே இருக்கிறது, இடதை மூடினால் மறைகிறது. குறி பார்ப்பது என் இடது கண், அதுதான் என் முதன்மைக் கண்.

நான்கைந்து முறை செய்தாலும் அதே பதில். முகத்தை நேராக வைத்துச் செய்வது முக்கியம். பார்வை பக்கவாட்டில் போனால் சிலருக்குக் கண் மாறிவிடும். பவருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. என் வலது கண்ணுக்குத்தான் பவர் குறைவு.

அன்று ராத்திரி காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். வலது கையால் நாணை இழுக்கும்போது அம்பின் வால் வலது கண்ணுக்கு நேர் கீழே இருக்கிறது. குறி பார்க்க வில்லில் பொருத்திய சைட் பின் கண்ணிலிருந்து சுமார் 85 செ.மீ. முன்னால். இரண்டு கண்ணுக்கும் இடைவெளி ஆறு செ.மீ. சொச்சம். இடது கண் அந்தப் பின்னை மஞ்சளோடு பொருத்தினால், பின் ஐந்தரை செ.மீ. இடப்பக்கம் நகர்ந்துவிடும். அம்பு அந்தச் சாய்விலேயே பத்து மீட்டர் போனால் விலகல் 65 செ.மீ. அளவுக்கு வரும். பலகையின் அகலமே 120 செ.மீ. வலையில் விழுந்த அம்புகளுக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. வலது கண் பொறுப்பெடுத்த இரண்டு தடவை மட்டும் நடுவில் குத்தியிருக்கிறது.

மூன்றாவது வாரம் இடது கண்ணை மூடிக்கொண்டு எய்தேன். அம்பு பலகைக்குள் வந்தது. ஆனால் முப்பது அம்புக்குள் கன்னம் இழுத்துப் பிடித்து, வலது கண்ணும் பாதி சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் கண்ணாடியின் இடது பக்கத்தில் மங்கலான செலோ டேப் ஒட்டினேன். வெளிச்சம் உள்ளே வரும், பின் மட்டும் தெரியாது. இது எவ்வளவோ மேல். பல வருடம் வலது கையால் எய்து பழகியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லாத பழக்கம் எதுவும் இல்லை. ஐந்தாவது வாரம் இடது கை வில்லை இரவல் வாங்கினேன். முதல் மூன்று நாள் விரல்கள் நாணைச் சீராக விடவே இல்லை. வீட்டில் ரப்பர் பேண்டை இழுத்துக் கண்ணாடி முன் நின்று பழகினேன். (வில்லை வைத்து இதைச் செய்யவே கூடாது, அம்பில்லாத நாணை விட்டால் வில் உடைந்துபோகலாம்.) எட்டாவது வாரம் ஆறு அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின, இரண்டு கண்ணும் திறந்தபடியே.

அப்புறம்தான் கேமரா விஷயம் புரிந்தது. இத்தனை வருடமும் யோசிக்காமலே இடது கண்ணைத்தான் வியூஃபைண்டரில் வைத்திருக்கிறேன். அப்போது மூக்கு கேமராவின் தொடுதிரையின் வலது பாதியில் பட்டு, ஃபோகஸ் புள்ளியை இழுத்துக்கொண்டு போய்விடும். தொடு பரப்பை இடது பாதிக்கு மட்டும் வைத்ததும் சரியாயிற்று. கண்ணை மாற்ற முயலவில்லை; தேவையும் இல்லை.

எனக்கு 46 வயது. படிக்கும் கண்ணாடிக்குப் பதில் மோனோவிஷன் லென்ஸ் கேட்டிருந்தேன்: ஒரு கண்ணுக்குத் தூரம், மற்றதற்குக் கிட்டம். வழக்கமாகத் தூரத்தை முதன்மைக் கண்ணுக்குத் தருவார்கள். கண் பரிசோதகர் ஓட்டைச் சோதனையோடு நிறுத்தவில்லை. தூரத்து எழுத்தை இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொல்லி, +1.50 லென்ஸை ஒவ்வொரு கண் முன்னும் மாற்றி மாற்றிப் பிடித்தார். எந்தக் கண்ணில் மங்கல் அதிகம் உறுத்துகிறதோ, அதற்குத் தூரம். இரண்டு சோதனையும் எல்லோருக்கும் ஒத்துப்போகாது என்றார். எனக்கு இரண்டிலும் இடதுதான் வந்தது.

இப்போது சோதனை லென்ஸ் போட்டு ஆறு நாள். போனில் படிக்க முடிகிறது. டம்ளரில் காபி ஊற்றும்போது ஆழம் கொஞ்சம் தப்புகிறது, ராத்திரி வண்டி ஓட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். மைதானத்தில் மஞ்சள் வட்டம் இடது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வலது கை வில்லோடே இருந்திருந்தால், கிட்டத்துக்கான லென்ஸ் போட்ட கண்ணால் குறி பார்த்துக்கொண்டிருப்பேன்.