அரையாண்டுக் கணக்குத் தேர்வு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

மதிப்பெண் மோசம்தான், பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் விடைத்தாளைத் திறந்து பாருங்கள். வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16 மதிப்பெண். பலர் அந்தப் பக்கத்தையே தொடவில்லை. தேர்ச்சிக்கு வேண்டியது 35!

தொட்டவர்கள் சறுக்கிய இடம் இது: விட்டம் 6 செ.மீ., மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடு வரையச் சொன்னால், 6-ஐயே ஆரமாக எடுத்துவிட்டீர்கள். தொடுகோடு 5.3 செ.மீ. வந்தது. ஆரம் 3 தானே? 64-இல் 9 போக 55, அதன் வர்க்கமூலம் சுமார் 7.4. வரைந்ததை அளந்து இதோடு ஒப்பிட்டிருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம்.

உதவிப்படத்தில் ஆரத்தை முதலில் குறியுங்கள், பிறகு காம்பஸைத் தொடுங்கள். திங்கள் முதல் தினமும் ஒரு வடிவியல், ஒரு வரைபடம். பென்சிலைச் சீவிக்கொண்டு வாருங்கள். மொக்கை முனையில் அரை மில்லிமீட்டர் போய்விடும்.